பழைய பெக்கேஜில் இருப்பதா, புதியதுக்கு மாறுவதா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நிறுவனம் பழைய பெக்கேஜைப் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை, ஆனால் உங்களுடையது ஓடிக்கொண்டிருக்கிறது. கூடவே, புதியதுக்கு மாறச் சொல்லி மெசேஜும் வருகிறது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பழையது மாதம் 1,000 ரூபா, பகலுக்கு 40 ஜிபி, நள்ளிரவிலிருந்து காலை 7 மணி வரைக்கு 60 ஜிபி. புதியது 1,700 ரூபா, எந்த நேரமும் 85 ஜிபி. மொத்தத்தைப் பார்த்தால் 100 ஜிபி தரும் பழையதுதான் நல்லது போலத் தெரியும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பகல் பாவனையைத்தான். மேலதிக ஜிபி ஒன்று 80 ரூபா என்றால், இரண்டுக்கும் உள்ள 700 ரூபா வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 9 ஜிபி வாங்கலாம். ஆகவே பகலில் 48 ஜிபிக்குள் முடிகிற வீட்டுக்குப் பழையதே லாபம். பிள்ளைகளின் ஒன்லைன் ரியூஷனோடு அது 60 ஜிபியைத் தொட்டால் பழையதுக்கு 2,600 ரூபா போய்விடும், இரவுப் பாவனையும் சேர்த்து 85 ஜிபிக்குள் நிற்குமென்றால் மாறுவதுதான் சரி. இரவுப் பங்கையும் சும்மா ஒதுக்காதீர்கள்: கோடையில் ரொறன்ரோவில் இரவு 9 மணிக்கு எடுக்கும் வீடியோ கோல் இங்கே காலை 6.30க்கு வருகிறது, அது இரவுக் கணக்கில்தான் போகும்.

சரி, பழையதில் இருந்தால் எது உங்கள் கையில் நிற்கும்? பொதுவாக மாத வாடகையும் ஜிபி அளவும், அதுவும் நிபந்தனைகளில் மாற்ற உரிமை வைத்துக்கொள்ளாத வரைக்கும்தான். வரி அதில் சேராது. 2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 வீதமானபோது பழைய பெக்கேஜ்காரரின் பில்லும் ஏறியது. வேகமும் சேராமல் போகலாம். அமெரிக்காவில் ஏரி அண்ட் ரி என்ற தொலைபேசி நிறுவனம் 2010இல் அன்லிமிடெட் பெக்கேஜை நிறுத்தி, வைத்திருந்தவர்களை அதிலேயே இருக்கவிட்டது, அப்புறம் அதிகம் பாவித்தவர்களின் வேகத்தைக் குறைத்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2014இல் வழக்குப் போட, 2019இல் நிறுவனம் 6 கோடி டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. விலையும் பெயரும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் சுருங்கலாம் என்பதை அங்கே பார்க்கலாம். ஒரே ரவுட்டரை ஒரே இடத்தில் வைத்து, இரவிலும் பகலிலும் வேகத்தைச் சில நாட்கள் குறித்துப் பாருங்கள். இரவிலும் ஒரே அளவில் முட்டி நின்றால் பெக்கேஜில் வரம்பு வைத்திருக்கலாம். மாலையில் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் கோபுரத்தில் நெரிசல்.

எனக்கு உண்மையாகக் கவலை தருவது பெயர் மாற்றம். வன்னியில் எத்தனையோ கனெக்‌ஷன் வெளிநாடு போன மகனின் பெயரிலோ, காலமான அப்பாவின் பெயரிலோ கிடக்கிறது. பெயரை மாற்றப் போனால் அதைப் புது இணைப்பாக எடுத்து, பழைய பெக்கேஜைக் கழற்றிவிடக்கூடும். பில் கட்டாமல் துண்டித்து மறுபடி எடுத்தாலும், வவுனியாவுக்கு வீடு மாறினாலும் இதே ஆபத்து உண்டு. கடிதம் கொடுக்கும் முன், "பெக்கேஜ் இதேதான் தொடருமா?" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பெக்கேஜுக்குத் திரும்பி வர அநேகமாக விடமாட்டார்கள்.