ரௌட்டர் எரிந்துவிட்டது என்று சொன்னால் உடனே காசைக் கொடுக்காதீர்கள்

கொக்குவில், கோண்டாவில் பக்கம் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பழுதாகாத ரௌட்டருக்காக எங்களிடம் 18,500 ரூபா வாங்கிவிட்டார்கள்.

ரௌட்டரை விறாந்தையிலிருந்து உள்ளறைக்கு மாற்றித் தர ஒருவர் வந்தார். நிறுவனத்துக்காக ஒப்பந்த வேலை செய்பவர். சுவர்ப் பெட்டியிலிருந்து ரௌட்டருக்குப் போகும் மெல்லிய வெள்ளை வயர், அதாவது பேட்ச் கோட், நீளமாக இருந்தது. மிச்சத்தை மடித்து, பிளாஸ்டிக் கட்டுப் பட்டியால் இறுக்கி, அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனார். சில நாட்களில், ரௌட்டருக்கு வெளிச்சம் காணாவிட்டால் எரியும் LOS விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கியது. திரும்ப வந்து பார்த்தவர், "அண்ணை, ரௌட்டர் எரிஞ்சு போச்சு" என்றார். புதியதைப் பூட்டியதும் இணைப்பு வந்தது. நாங்களும் நம்பினோம். ஆனால் அடுத்த கிழமையே மறுபடி சிவப்பு. இந்த முறை, "வெளி லைனை முழுசா மாத்த வேணும், செலவு வரும்" என்றார்.

அதற்குச் சம்மதிக்காமல் அக்காவின் மகனைக் கூப்பிட்டேன். அவன் கொழும்பில் ஃபைபர் ஒட்டும் வேலை செய்பவன், லீவில் வந்திருந்தான். அவன் எந்த வயரையும் இழுக்கவில்லை. இணைப்பு வேலை செய்த ஒரு நேரம் பார்த்து, ரௌட்டரின் இணையப் பக்கத்தைத் திறந்து, RX Optical Power என்ற இடத்தில் இருந்த எண்ணைக் காட்டினான். ரௌட்டருக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது; பூச்சியத்தை நெருங்க நெருங்க வெளிச்சம் கூட. -27.4 dBm. "மாமா, இந்த மாதிரி இணைப்புக்கு -27, -28 எண்டா விளிம்பு. அதுக்குக் கீழ போனா வெளிச்சம் காணாது, LOS சிவக்கும்."

பிறகு சுவரிலிருந்து வயரை விரலால் மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனான். அலுமாரிக்குப் பின்னால் கட்டு இருந்த இடத்தில் வயர் கூர்மையாக மடிந்திருந்தது. கண்ணாடி இழை சிறு வளைவுகளைத் தாங்கும், ஆனால் கூர்மையாக மடிந்தால் உள்ளே போகும் ஒளி அந்த இடத்திலேயே பக்கவாட்டில் கசிந்துவிடும். இழை முறிந்திருக்கவே தேவையில்லை. கட்டை வெட்டி, தேநீர்க் கோப்பையின் வாயை விடப் பெரிய வட்டமாகத் தளர்த்தி விட்டான். எண் -23.1 ஆனது. புதிய ரௌட்டர் பூட்டியபோது இணைப்பு வந்த காரணம் அப்போதுதான் விளங்கியது: பூட்டும்போது வயர் அசைந்து மடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

அடுத்தது முனை. ரௌட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, பச்சைக் கொனெக்டரின் உடலைப் பிடித்து நேராக வெளியே எடுத்தான். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரோன் அளவுதான். எங்கள் செம்மண் தூசியில் ஒரு துணிக்கை போதும், அதை மறைக்க. மாற்றும் வேலை நடந்தபோது அந்த முனை மூடியில்லாமல் தரையில் கிடந்ததை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். பேனா போன்ற துப்புரவாக்கியை முனையில் வைத்து ஒருமுறை அழுத்தினான். அவ்வளவுதான். திரும்பப் பூட்டியதும் -19.8. முதலில் வந்ததைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு வெளிச்சம்.

அந்தப் பேனா இல்லாதவர்கள் தயவுசெய்து கொனெக்டரைக் கழற்றாதீர்கள். சட்டை நுனியால் துடைத்தாலோ வாயால் ஊதினாலோ எண்ணெயும் ஈரமும் ஒட்டிக்கொள்ளும். மணல் துணிக்கையை வைத்துத் தேய்த்தால் முனையில் கீறல் விழும், கீறல் எந்தத் துப்புரவுக்கும் போகாது. பேட்ச் கோட்டையே மாற்ற வேண்டி வரும். மடிப்பைப் பார்ப்பதும் தளர்த்துவதும் யாரும் செய்யலாம். வயரின் மேலுறை வெளுத்தோ நசுங்கியோ இருந்தால் அதை நிமிர்த்த முயலாமல் புதியது போடுங்கள். பச்சை முனைக்குப் பச்சையே வாங்க வேண்டும், நீலம் பொருந்தாது. புதிய கோட் போட்டும் எண் ஏறாவிட்டால்தான் வெளி லைனைச் சந்தேகிக்கலாம். சுவர்ப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம், உள்ளே உறையில்லாத இழை இருக்கும்.

கடைசியாகப் பழைய ரௌட்டரையும் பூட்டிப் பார்த்தோம். LOS விளக்கு எரியவே இல்லை. நிறுவனத்தின் பதிவைக் காட்டும் PON விளக்கு மட்டும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது, பதிவு புதிய ரௌட்டருக்கு மாற்றப்பட்டுவிட்டதால். ஒளியை வாங்கும் பகுதி நன்றாகவே வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எண்களைப் படமெடுத்து நிறுவனத்துக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டுக்கு ஆள் வந்து பழுது என்று சொன்னால், வேலைக்கு முன்னும் பின்னும் RX எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய ரௌட்டரை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.