ஜிமெயிலைக் காலி செய்வது: மூன்று வழிகள், ஒரு ஒப்பீடு

2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மின்னஞ்சலை ஜோஹோ மெயிலுக்கு மாற்றிவிட்டதாக எக்ஸ் தளத்தில் அறிவித்தார். அதிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். புதுக் கணக்கு அஞ்சு நிமிஷத்தில் தொடங்கியாச்சு, பழைய மெயிலை என்ன செய்வது? ஜோஹோவா, புரோட்டானா, பாஸ்ட்மெயிலா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். எங்கே போனாலும் மூட்டை கட்டும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைச் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே விளைவைத் தருவதில்லை.

என் சித்தப்பா கணக்கை வைத்தே பார்க்கலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். அவர் கணக்கில் மெயில் 6.8, டிரைவ் 2.9, படங்கள் 4.5 என்று 14.2 ஜிபி ஏறியிருந்தது. அவர் தொடங்கிய புதுக் கணக்கில் மெயிலுக்கு இடம் 5 ஜிபி. அப்படியே தூக்கிக்கொண்டு போனால் பாதி வழியில் நின்றுவிடும். எது வந்தது, எது வரவில்லை என்று பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் முதலில் கழித்துக்கட்டும் வேலை. ஜிமெயில் தேடல் பெட்டியில் இந்த இரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டோம்:

```
has:attachment larger:10M
category:promotions older_than:2y
```

முதல் தேடலில் கல்யாண வீடியோ துண்டுகளும், ஒரே ஸ்கேன் கோப்பு நாலைந்து பேருக்குப் போன பிரதிகளும் வந்தன. வேண்டியதை மட்டும் கணினியில் இறக்கிவிட்டு மற்றதை நீக்கினோம். குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் நீக்கியவை 30 நாள் அங்கேயே கிடந்து இடத்தைப் பிடித்திருக்கும். கடைசியில் மெயில் 4.1 ஜிபிக்கு இறங்கியது.

முதல் வழி: புது நிறுவனத்தின் இறக்குமதி வசதி

புரோட்டானில் இதன் பெயர் Easy Switch. ஜோஹோ, பாஸ்ட்மெயில் இரண்டிலும் அமைப்புகளில் இதே போன்ற வசதி உண்டு. கூகுள் கணக்கில் நுழைந்து அனுமதி கொடுத்தால் போதும், மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு நேராகப் போகும். நம் இணையம் செலவாகாது, கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இதில் உள்ள குறை, உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குச் சரியாகத் தெரியாது. 'முடிந்தது' என்று சொல்லிவிடும். வராமல் போனவை எவை என்று விவரமாகச் சொல்வது அபூர்வம். சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஜிமெயில் அமைப்புகளில் உரையாடலாகத் தொகுக்கும் Conversation view-ஐ அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் பத்து மடல் கொண்ட ஒரு தொடரை ஒன்று என்று எண்ணும். அணைத்தபின் முக்கியமான லேபிள்களைத் திறந்து வலது மேல் மூலையில் காட்டும் எண்ணைப் புதுக் கணக்கின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆகப் பழைய மடலைத் திறந்து, இணைப்பு இறங்குகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் கூகுள் கணக்கில் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் வழி: ஐமேப் மூலம் நாமே நகலெடுப்பது

ஐமேப் என்பது சர்வரில் இருக்கும் மெயிலை வேறொரு செயலி வழியாகப் பார்க்கவும் நகர்த்தவும் உதவும் முறை. தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் இரண்டு கணக்கையும் சேர்த்து, இங்கிருந்து அங்கே இழுத்துப் போடலாம். கட்டளைத் திரையில் பழகியவர்கள் imapsync என்ற கருவியை வைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் ஒரு முன்நிபந்தனை: புது இடத்தில் ஐமேப் திறந்திருக்க வேண்டும். சொந்த டொமைனுக்கான ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் அது கிடையாது. புரோட்டானில் கட்டணத் திட்டம் எடுத்து, பிரிட்ஜ் என்ற தனிச் செயலியை நிறுவினால்தான் உண்டு. இலவசக் கணக்கோடு போகிறவர்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கும்.

திறந்திருந்தாலும் ஜிமெயிலின் லேபிள் ஒரு சிக்கல். ஜிமெயிலில் மடல் ஒன்றுதான், அதன்மேல் எத்தனை லேபிள் வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும். ஐமேப்பில் பார்க்கும்போதோ ஒவ்வொரு லேபிளும் ஒரு கோப்புறையாகத் தெரியும். சித்தப்பாவின் வீட்டுக்கடன் மடல் ஒன்றுக்கு 'வங்கி', 'வீடு' என்று இரண்டு லேபிள். அது 'வங்கி'யில் ஒன்று, 'வீடு'வில் ஒன்று, இன்பாக்ஸில் இருந்தால் அங்கே ஒன்று, இது போக All Mail-இல் ஒன்று என்று நான்கு இடத்தில் நிற்கும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் போட்டால் 4.1 ஜிபி புது இடத்தில் எட்டையும் தாண்டும். புதுப் பெட்டி எதிர்பாராமல் நிறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "All Mail-ஐயும் சேர்த்து இழுத்தீங்களா?" என்பதைத்தான்.

imapsync-இல் இதற்குத் தீர்வு இருக்கிறது:

```
imapsync --host1 imap.gmail.com --ssl1 \
  --user1 old@gmail.com --passfile1 p1.txt \
  --host2 imap.example.com --ssl2 \
  --user2 new@example.com --passfile2 p2.txt \
  --skipcrossduplicates \
  --folderlast "[Gmail]/All Mail" --dry
```

ஒரு கோப்புறையில் நகலான மடலை அடுத்ததில் மறுபடி எடுக்காதே, All Mail-ஐக் கடைசியாகத் தொடு என்பது இதன் பொருள். கடைசியில் உள்ள `--dry` ஒத்திகைக்கு. என்ன செய்யப்போகிறது என்று காட்டும், எதையும் நகர்த்தாது. பட்டியல் சரியாக இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஓட்டலாம். p1.txt-இல் போட வேண்டியது ஜிமெயிலின் வழக்கமான கடவுச்சொல் அல்ல. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கியபின் கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட். வழக்கமானதைப் போட்டுவிட்டு 'உள்ளே விடமாட்டேன் என்கிறது' என்று மண்டையைக் குடைந்துகொள்பவர்கள் அதிகம்.

imapsync-இன் பெரிய பலம், நின்ற இடத்திலிருந்து தொடரும். மின்சாரம் போனாலும் மறுபடி அதே கட்டளையை ஓட்டினால், போய்ச் சேர்ந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். ஐமேப் வழியாக ஒரு நாளில் இறக்க 2,500 எம்பி என்று கூகுள் எல்லை வைத்திருப்பதால், 4.1 ஜிபிக்கு இரண்டு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வழி: டேக்அவுட்

takeout.google.com-இல் கேட்டால் மெயில் முழுவதையும் ஒரே mbox கோப்பாகக் கட்டித் தரும். ஒவ்வொரு மடலின் தலைப்பிலும் `X-Gmail-Labels` என்ற வரியில் லேபிள் பெயர்கள் இருக்கும். ஆனால் புது இடம் அந்த வரியைப் படித்துக் கோப்புறை பிரித்துத் தரும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் எல்லாம் ஒரே குவியலாகத்தான் போய் விழும். அதனால் குடிபெயர்வதற்கு இது மோசமான வண்டி. காப்புப் பிரதி என்று பார்த்தாலோ இதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் வழியில் போனாலும் இரண்டாம் வழியில் போனாலும், தொடங்குவதற்கு முன்னால் ஒரு டேக்அவுட் எடுத்து வன்தட்டில் போட்டுவிடச் சொல்வேன். இறக்கும் சுட்டி சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகும், தள்ளிப்போடாதீர்கள்.

கோப்புகளுக்கும் டேக்அவுட்தான் நல்லது. டிரைவில் உள்ள கூகுள் ஆவணங்களை அது docx, xlsx என்று மாற்றித் தரும். இதை விட்டுவிட்டுக் கணினியில் தெரியும் டிரைவ் கோப்புறையை அப்படியே நகலெடுப்பவர்கள் ஏமாறுவார்கள். அங்கே `.gdoc` என்று முடியும் கோப்பு வெறும் சுட்டி. உள்ளே ஒரு வரி எழுத்துகூட இருக்காது. ஒரு கேபிகூடத் தேறாத 'ஆவணம்' கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள்.

இதே வகையில் இன்னொன்று. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேற்பட்ட இணைப்பு, டிரைவ் சுட்டியாகத்தான் போகும். மூன்று வழியில் எதில் போனாலும் மடல் மட்டும்தான் வரும், கோப்பு பழைய டிரைவிலேயே இருக்கும். சித்தப்பா தன் வீட்டு வரைபடத்தைப் புது மெயிலில் திறந்தார், திறந்தது. "வந்துடுச்சேப்பா" என்றார். அது கூகுளிலிருந்து திறந்தது. கூகுள் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னேன், அனுமதி கேட்டு நின்றது. `has:drive` என்று தேடினால் இப்படிப்பட்ட மடல்கள் எல்லாம் வரும்.

இனி வரும் மெயில்: திருப்பி அனுப்புவதா, இழுத்து வருவதா?

திருப்பி அனுப்புவது ஜிமெயிலில் இலவசம். Forwarding and POP/IMAP பக்கத்தில் புது முகவரியைச் சேர்த்தால் அங்கே ஓர் உறுதிப்படுத்தும் மடல் வரும். ஒப்புக்கொண்டபின் மறுபடி பழைய பக்கத்துக்கு வந்து திருப்புதலை இயக்கிச் சேமிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் 'ஒன்றும் வரவில்லை' என்று காத்திருப்பது வழக்கமான கதை. யாஹூ பயனர்களுக்கு இந்த வசதி 2021 ஜனவரி முதல் காசு கொடுத்தால்தான். அவர்கள் இரண்டாவது முறைக்குத்தான் போக வேண்டும்: புதுக் கணக்கே பாப் என்ற இறக்கும் முறை வழியாகப் பழைய பெட்டியை அவ்வப்போது எட்டிப் பார்த்து எடுத்து வருவது. அதில் தாமதம் உண்டு. பத்து நிமிஷத்தில் செத்துப்போகும் ஓடிபிக்கு அது உதவாது.

திருப்புதலிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஜிமெயில் ஸ்பேம் என்று ஒதுக்கியது புது முகவரிக்கு வராது. காப்பீட்டு நினைவூட்டல் ஒன்று தவறாக அங்கே போய் விழுந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. முதல் சில மாதம் வாரம் ஒருமுறை பழைய ஸ்பேமை எட்டிப் பார்ப்பது நல்லது. 'பிரதியை இன்பாக்ஸில் வைத்திரு' என்ற விருப்பத்தையும் விட்டுவையுங்கள்.

புதுக் கணக்கில் ஒரு வடிகட்டி போட்டு, பழைய முகவரிக்கு வந்த மடல்களை எல்லாம் 'பழசு' என்ற கோப்புறையில் விழச் செய்யுங்கள். யாருக்கெல்லாம் இன்னும் முகவரி மாற்றம் சொல்லவில்லை என்பதற்கு அந்தக் கோப்புறைதான் பட்டியல். முதலில் வங்கி, அடுத்து வருமான வரி இணையதளம், பிறகு மற்றவை. 'Sign in with Google' என்று நுழைந்த தளங்கள் மட்டும் இந்தப் பட்டியலில் வராமல் போகலாம், காரணம் அவை மடல் அனுப்பாமலே வேலை செய்யும். அவற்றை myaccount.google.com/connections பக்கத்தில் பார்த்து, ஒவ்வொன்றிலும் தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும்.

பழைய கணக்கை மூட அவசரம் வேண்டாம். யாஹூ 2013-இல், ஓராண்டாகப் பயன்படுத்தாத முகவரிகளை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. உங்கள் பழைய முகவரி இன்னொருவர் கைக்குப் போனால், உங்கள் கடவுச்சொல்லை மாற்றும் மடலும் அவருக்குத்தான் போகும். நீக்கிய ஜிமெயில் பெயரைக் கூகுள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை அது நீக்கிவிடலாம். திருப்புதல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நம்பி இருக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே உள்ளே நுழைந்து ஒரு மடலைத் திறந்துவிட்டு வாருங்கள். 'பழசு' கோப்புறையில் ஒரு வருடம் முழுக்க விளம்பரம் தவிர வேறெதுவும் விழவில்லை என்றால் திருப்புதலை நிறுத்தலாம்.