‘வளர்ற கால்’ என்று சொல்லி விற்கும் ஸ்டட்ஸ்: எட்டு வயதுப் பையனுக்கு நடந்தது

சென்னைப் புறநகரில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லித் தரும் பயிற்சியாளர்களும், அந்தப் பிள்ளைகளின் கால்வலியைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சேர்ந்து எழுதும் பதிவு இது. ஷூவையும் பில்லையும் பையனின் அப்பா எங்களிடம் காட்டினார். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வியாபாரம் பல கடைகளில் நடக்கிறது.

பையனுக்கு எட்டு வயது. புதிதாகச் சேர்ந்த பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘திங்கள் முதல் ஸ்டட்ஸ் கட்டாயம்’ என்று ஒரு செய்தி வந்தது. ஸ்டட்ஸ் என்றால் அடியில் முனைகள் வைத்த கால்பந்து ஷூ. கூடவே ஒரு கடையின் விலாசமும், பத்து சதவீதத் தள்ளுபடியும். அப்பா பையனை அழைத்துக்கொண்டு போனார். காலை யாரும் அளக்கவில்லை. “இப்ப என்ன சைஸ் போடுறான்? பதிமூணா? பசங்க காலு சட்டுனு வளந்துரும் சார், ரெண்டாம் நம்பர் எடுத்துக்கங்க, ரெண்டு வருசம் ஓடும்” என்று சொல்லி 2,800 ரூபாய்க்கு, இயற்கைப் புல் தரைக்கான எஃப்.ஜி வகை ஜோடி ஒன்றைக் கொடுத்தார்கள். கால் உள்ளே ஆடுகிறது என்று பையன் சொன்னதும், 400 ரூபாய்க்குத் தடிமனான இன்சோல் ஒன்றையும் சேர்த்து விற்றார்கள்.

முதல் ஏமாற்று அந்த நம்பரிலேயே இருக்கிறது. நம் கடைகளில் ஓடுவது பிரிட்டிஷ் அளவு. குழந்தைகள் வரிசை 13-இல் முடிந்து, அடுத்து மறுபடியும் 1, 2 என்று தொடங்கும். 13-க்கு அடுத்தது 1, அதற்கு அடுத்தது 2. ஒவ்வொரு சைஸுக்கும் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும். ஆகவே ‘ரெண்டாம் நம்பர்’ என்றால் தேவைக்கு மேல் கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர். நம்பர் 13-லிருந்து 2-க்கு இறங்குவதால் எவ்வளவு பெரிதாக வாங்கினோம் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

பையனின் பாதத்தை அளந்தோம்: 19.5 சென்டிமீட்டர். ஷூவோடு வந்த இன்சோலை வெளியே எடுத்து அளந்தால் 22.2. விளையாட்டு ஷூவில் நீண்ட விரலுக்கு முன்னால் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருந்தால் போதும். இதில் 27 மில்லிமீட்டர் காலியாகக் கிடந்தது.

‘பெருசா இருந்தா என்ன, கெட்டா போயிரும்?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். பள்ளிக்கூட ஷூவில் அரை சைஸ் கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஸ்டட் வைத்த ஷூவின் கதை வேறு. ஓடும்போது பாதம் மடங்குவது விரல்களுக்குப் பின்னால் உள்ள சதைப்பற்றான பகுதியில். குதிகாலிலிருந்து அளந்தால் பாத நீளத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் அது வரும். இந்தப் பையனுக்கு 13.7 சென்டிமீட்டர் அளவில். ஷூவின் அடியோ அதன் நீளத்துக்கேற்ப 15.5 சென்டிமீட்டரை ஒட்டி மடங்கும்படி செய்யப்பட்டது. கால் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டன. விளைவு, கால் மடங்க வேண்டிய இடத்தில் விறைப்பான பிளாஸ்டிக் அடி தடுக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தடித்த இன்சோல் நிலைமையை இன்னும் கெடுத்தது. குதிகாலை மேலே தூக்கியதால், பின்பக்கக் கெட்டிப் பகுதி குதிகாலைப் பிடிக்காமல் ஒவ்வொரு ஓட்டத்திலும் வழுக்கியது. வழுக்காமலிருக்கப் பையன் லேஸை இறுக்கிக் கட்ட, பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனது.

இரண்டாவது ஏமாற்று அடிப்பாகத்தில். எஃப்.ஜி என்பது ஓரளவு ஈரமுள்ள, அழுத்தினால் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும் இயற்கைப் புல் தரைக்கானது. இந்த மையத்தின் பயிற்சி வாரம் இரண்டு நாள் வாடகை டர்ஃபில், ஒரு நாள் பள்ளியின் செம்மண் மைதானத்தில். இரண்டுமே அந்த ஷூவுக்கான தரை இல்லை. காய்ந்த செம்மண்ணில் ஸ்டட் இறங்காது. குதிகாலின் கீழ் இருக்கும் நாலே நாலு முனைகளில் உடல் எடை முழுவதும் விழும். டர்ஃபில் நேர்மாறான சிக்கல். நீளமான, கத்திபோல் தட்டையான ஸ்டட்கள் செயற்கைப் புல்லுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறும்.

இந்தத் தரைகளுக்கு ஏற்றது டி.எஃப் வகை: அடி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள், குதிகாலின் கீழ் மெத்தென்ற பகுதி. பெரும்பாலும் விலையும் குறைவு. விலை குறைந்ததை எடுத்துக் காட்டாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

‘ஸ்டட்ஸ் கட்டாயம்’ என்பதும் சரியில்லை. கால்பந்து விதிகளின் நான்காவது விதி சட்டை, கால்சட்டை, காலுறை, ஷின் கார்டு, காலணி ஆகியவற்றைத்தான் கேட்கிறது. காலணியில் ஸ்டட் இருந்தே தீர வேண்டும் என்று அதில் இல்லை. எங்கள் கணக்கு இது. ஆறு வயது வரை சாதாரண விளையாட்டு ஷூ போதும், ஸ்டட் பேச்சே வேண்டாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை நம்மூர்த் தரைகளுக்கு டி.எஃப். உண்மையான புல் மைதானத்தில் வாரா வாரம் ஆடுகிற பிள்ளையாக இருந்தால் மட்டும் எஃப்.ஜி, அதுவும் உருண்டையான, குட்டையான ஸ்டட்களாக. உலோக முனை போட்ட எஸ்.ஜி சேறான புல் தரைக்கு உரியது. சின்னப் பிள்ளைக்கு அதை எடுத்துக் காட்டும் கடையில் நிற்காதீர்கள்.

ஆறு வாரத்தில் பையன் குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தான். முழங்காலும் வலிக்கிறது என்றான். அப்பா ஷூவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். மூன்றாவது ஏமாற்று அங்கே. “இது வளர்ற வலி சார், எல்லாப் பசங்களுக்கும் வரும்” என்று சொல்லி, ஜெல் குதிகால் தட்டும் முழங்கால் கேப்பும் சேர்த்து 900 ரூபாய்க்கு விற்றார்கள்.

வளர்ச்சி வலி என்று ஒன்று உண்டுதான். அது பெரும்பாலும் சாயங்காலமோ ராத்திரியோ, இரண்டு காலிலும், தொடையிலோ கெண்டைக்காலிலோ வரும். தொட்டால் குறிப்பிட்ட இடத்தில் வலிக்காது. காலையில் பிள்ளை எதுவும் நடக்காததுபோல் ஓடும். இந்தப் பையனுக்கு ஓடும்போதும் ஓடி முடித்த பிறகும் வலி. குதிகாலை இரண்டு பக்கமும் விரல்களால் அமுக்கினால் துள்ளினான். மருத்துவர் பார்த்துச் சொன்ன பெயர் சீவர்ஸ். இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி முழுதாக இறுகியிருக்காது. நடுவே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கும். கெண்டைக்காலிலிருந்து வரும் தடித்த தசைநாண் அந்தத் துண்டில்தான் பிடித்திருக்கிறது. இழுவையும் இடியும் அளவு மீறினால் அந்த இடம் நோகும். ஏறக்குறைய எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை வரக்கூடியது.

நியாயமாகச் சொன்னால், ஷூ மட்டும் குற்றவாளி இல்லை. ஓடிப் பழகாத பையன் திடீரென்று வாரம் மூன்று நாள் ஓடினான். ஆனால் ஸ்டட் ஷூவின் குதிகால் ஓட்ட ஷூவைவிடத் தட்டையாக இருக்கும். தசைநாண் கூடுதலாக இழுபடும். அதோடு கெட்டித் தரை, வழுக்கும் குதிகால், மடங்காத அடி எல்லாம் சேர்ந்துகொண்டன.

அவனுக்குச் செய்தது எளிது. மூன்று நாள் பயிற்சி ஒரு நாளானது, அந்த நாளிலும் குதித்தலும் வேக ஓட்டமும் நிறுத்தப்பட்டன. ஆடிய பிறகு துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். கெண்டைக்காலை மெதுவாக நீட்டும் பயிற்சி. பிசியோ சொன்னபடி சிறிய குதிகால் உயர்த்தி, இரண்டு ஷூவிலும் சமமாக. 1,400 ரூபாய்க்கு 13-ஆம் நம்பர் டி.எஃப். வலி சில வாரங்களில் இறங்கியது. வளர்ச்சித் தட்டு மூடும் வரை திரும்பி வரலாம் என்பதால் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறார்கள். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதை மட்டும் பாட்டியிடம் சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது.

முழங்கால் விஷயத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் மேட்டில், அமுக்கினால் வலிக்கிற புடைப்பு வந்தால் அது பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர். சீவர்ஸைப் போன்ற இழுவைதான், இடம்தான் வேறு. ஆனால் அமுக்கிப் பார்த்தால் முழங்காலில் எங்கும் வலியில்லை, பிள்ளை நொண்டுகிறது என்றால் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். இடுப்பு வலியைப் பிள்ளைகள் முழங்காலில் உணர்வது உண்டு. நொண்டல், வீக்கம், காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் ஒரு பக்க வலி, கால் ஊன்ற முடியாமை: இவற்றில் எது இருந்தாலும் கேப் மாட்டிக் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். இந்தப் பையனின் இடுப்பையும் மருத்துவர் சோதித்தார், கோளாறு இல்லை.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். சாயங்காலம், கால்பந்து காலுறையோடு, குதிகால் சுவரில் படும்படி காகிதத்தின் மேல் நிற்க வையுங்கள். நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு அளங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் இன்சோலை உருவி அதன் மேல் பிள்ளையை நிற்க வைத்தால் முன்னால் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்கே தெரியும். ஷூவின் முன்பகுதியை மடக்கிப் பாருங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுப்பாதத்தில் மடங்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளங்கள்.

பணம் திரும்பவில்லை. பில்லில் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று அச்சடித்திருந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம்தான். ஆனால் தவறான சைஸைக் குறையுள்ள பொருள் என்று நிறுவுவது கஷ்டம். ‘இந்தத் தரைக்கு ஏற்றது’ என்று பொய்யாகச் சொன்னதை நிரூபித்தால் வழக்கு வலுவாகும், அதற்கு எழுத்து வேண்டும். பில் போடும்போதே ‘டர்ஃபுக்கு, பாத அளவு இவ்வளவு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்தப் பெரிய ஜோடியைப் பையன் வளரும்வரை எடுத்து வைக்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றோம். சென்னை வெயிலிலும் ஈரக்காற்றிலும் பெட்டிக்குள்ளேயே பசை விட்டு அடி பிரிந்துவிடும். கால் 21.3 சென்டிமீட்டர் உள்ள, புல் மைதானத்தில் ஆடுகிற வேறொரு பிள்ளைக்கு இப்போதே விற்றுவிடச் சொன்னோம். அந்த இன்சோலைச் சேர்க்காமல்.