கோர்கி 261 வாங்குகிறீர்களா? காரை அப்புறம் பாருங்கள், முதலில் பெட்டியைப் பாருங்கள்

பழைய பொம்மைக் கார் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே பிரிட்டனில் ஒரு வியாபாரியின் இணையக் கடையில் கோர்கி 261 வாங்கினேன். 1965-இல் வந்த, தங்க நிறத்து ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டின். கொடுத்தது 320 பவுண்டு. பெட்டியில்லாத அதே கார், ஏறக்குறைய அதே நிலையில், அதே கடையில் 95 பவுண்டுக்கு இருந்தது. ஆக, மிச்சப் பணம் முழுக்க அட்டைக்கும் காகிதத்துக்கும் கொடுத்தது.

அட்டைக்கு அவ்வளவு விலையா என்று கேட்பவர்களுக்கு: இந்தக் காரில் பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து, பக்கத்து இருக்கை வில்லன் வெளியே பறப்பான். அவன் தொலைந்துபோவான் என்று தெரிந்தே உபரியாக இன்னொரு வில்லனையும் கொடுத்தார்கள். கூடவே சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு 007 பேட்ஜ், காரை இயக்கும் விதம் சொல்லும் ‘ரகசியக் குறிப்பு’த் தாள். கார் நிற்கும் உள்ளட்டைத் தட்டு தனி. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பெட்டியைக் கிழிப்பார்கள், பேட்ஜைச் சட்டையில் ஒட்டுவார்கள், தாளைப் போட்டுவிடுவார்கள். லட்சக்கணக்கில் விற்ற கார் என்பதால் உலோகம் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. முழுசாகத் தப்பிய காகிதம்தான் அரிது. அதனால்தான் போலிக்காரர்கள் காரைத் தொடுவதில்லை, காகிதத்தில் கை வைக்கிறார்கள்.

எனக்கு வந்த கார் அசல்தான், அதில் குறையே இல்லை. பெட்டியின் மேல்பக்கம் ஒரு நீளமான கீறல் தெரிந்தது. சரி, பழைய சாமான், இருக்கட்டும் என்று நகத்தால் தடவினேன். நகத்தில் எதுவும் தட்டவில்லை. கீறல் கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. வேறு யாருடைய பெட்டியிலோ இருந்த கீறலை ஸ்கேன் செய்து, கீறலோடு சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்!

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை எழுத்தின் மேல் வைத்தேன். அந்தக் காலத்து அச்சில் படம் புள்ளி புள்ளியாக இருந்தாலும், ஒரே நிறத்தில் அடித்த எழுத்து திட்டமாக, ஓரம் கூர்மையாக இருக்கும். ஸ்கேன் எடுத்து அடித்ததில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறும், ஓரம் மங்கும். என் பெட்டியும் குறிப்புத் தாளும் இரண்டாம் ரகம். மூடியின் உள்மடிப்பு இன்னும் மோசம். எல்லா ஓரமும் டீயில் நனைத்தது போலப் பழுப்பு, ஒரே ஒரு ஓரம் மட்டும் புதிதாக வெட்டிய வெள்ளை. நேர்மையாகப் பிரதிப் பெட்டி செய்து விற்பவர்கள் பலர் உள்மடிப்பில் ‘ரீப்ரொடக்‌ஷன்’ என்று அச்சிடுவார்கள். அது இருந்த இடத்தைத்தான் கத்தரித்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் போலி என்று சிலர் சொல்வார்கள். போருக்கு முந்தைய பொம்மைகளுக்கு அது உதவும். 1965-இல் வெண்மையூட்டிய காகிதம் புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதனால் 261-க்கு அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது.

வியாபாரியிடம் கேட்டதும் வந்த பதில்: “பெட்டி ஒரிஜினல் என்று நான் எங்கே சொன்னேன்?” விளம்பரத்தைத் திரும்பப் படித்தேன். ‘ஒரிஜினல் 1965 கோர்கி 261, பெட்டி, குறிப்பு, பேட்ஜ் உடன்’. ஒரிஜினல் என்ற சொல் காரோடு நின்றுவிடுகிறதாம். கெட்டிக்காரத்தனம்தான். 80 பவுண்டு திருப்பித் தருகிறேன் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்ற பொருள் அவர் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் இந்த 30 நாள் உரிமை கிடையாது. நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால் கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்கலாம். லென்ஸ் வழியாக எடுத்த படங்களை இணைத்து, கம்பெனிக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னதும்தான் முழுப் பணமும் வந்தது. பொருளைத் திருப்பி அனுப்பிய தபால் செலவு மட்டும் என் தலையில்.

வாங்கும் முன் மூன்று படம் கேளுங்கள்: உள்மடிப்பு, எழுத்தின் மிக நெருக்கமான படம், குறிப்புத் தாளின் மடிப்புக் கோடு. ‘பெட்டி, உள்தட்டு, தாள், பேட்ஜ், உபரி வில்லன் எல்லாமே 1965 காலத்து அசல்’ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் பெட்டியில்லாத கார் விலைக்கு மேல் ஒரு பவுண்டும் கொடுக்காதீர்கள்.

அதே கார், அதே கீறலோடு, போன வாரம் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. இப்போது 345 பவுண்டு. உள்மடிப்பைக் காட்டும் படம் இப்போதும் இல்லை.