மேற்கு ஜன்னலுக்கு நாலடி சன்ஷேட், லூவர்னு பேக்கேஜ் போட்டுத் தர்றாங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இதைப் படிங்க

திருச்சி பக்கம் வீடு கட்டுறவங்க, முக்கியமா மேற்குப் பார்த்த மனை வச்சிருக்கவங்க கொஞ்சம் நின்னு படிங்க. எங்களுக்கு எலிவேஷன் போட்டுக் கொடுத்த டிசைனர் வெயில் தடுப்புன்னு தனியா ஒரு பேக்கேஜ் போட்டு நல்ல காசு வாங்கிட்டாரு, ஏப்ரல் மே ரெண்டு மாசமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல எங்க மாமியார் ரூம்ல கட்டில் வரைக்கும் வெயில் அடிச்சுது.

பேக்கேஜ்ல இருந்தது ரெண்டு. ஒண்ணு, மேற்குப் பக்கம் முழுக்க நாலடி வெளிய நீட்டுற கான்கிரீட் சன்ஷேட். இன்னொண்ணு, அந்த சன்ஷேட்டுக்குக் கீழ ஜன்னல் முன்னாடி நட்டுவச்ச அலுமினியம் லூவர், மேலிருந்து கீழ நிக்கிற பட்டைங்க. கிழக்குல கிச்சன் ஜன்னலுக்கும் அதே லூவர். "டபுள் ப்ரொடெக்‌ஷன் மேடம், சன் ஸ்டடி பண்ணித்தான் டிசைன் பண்ணிருக்கோம்"னு லேப்டாப்ல படம் காட்டினாரு, படத்துல ஜன்னல் முழுக்க அழகா நிழல்ல இருந்துச்சு.

வெயில் உள்ள வர ஆரம்பிச்சதும் என் அண்ணன் பையனைக் கூப்பிட்டேன், ஆர்க்கிடெக்சர் படிக்கிறான். டிசைனர் அனுப்பியிருந்த ஸ்கெட்ச்அப் ஃபைலைத் திறந்து பார்த்துட்டு, "அத்தை, ஷேடோ செட்டிங்ல டைம் மத்தியானம் பன்னெண்டரைன்னு இருக்கு, ஊரும் திருச்சின்னு வைக்கவே இல்ல"ன்னான். பன்னெண்டரைக்கு சூரியன் தலைக்கு மேல இருக்கும், அப்ப மேற்குச் சுவத்துல வெயில் பெருசா படாது, எந்த சன்ஷேட் போட்டாலும் படத்துல நிழலாத்தான் தெரியும். டைமை அவன் நாலரைக்கு நகர்த்தினதும் அதே படத்துல ஜன்னல்ல பாதிக்கு மேல வெயில். இதுக்குப் பேரு சன் ஸ்டடியாம்.

கணக்கு பெருசா ஒண்ணும் இல்ல, அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்றேன். நேர் மேற்குப் பார்த்த சுவர்ல, மார்ச் செப்டம்பர் வாக்குல, சன்ஷேட் ஓரடி நீட்டினா மூணு மணிக்கு அதுக்குக் கீழ ஓரடி நிழல் விழும், நாலு மணிக்கு அரையடி சொச்சம், அஞ்சு மணிக்கு கால் அடி, அவ்ளோதான். (இது சூரிய நேரம், நம்ம ஊர்ல உச்சி வெயில் பன்னெண்டேகால் வாக்குல வர்றதால கடிகாரத்துல கால் மணி கூட்டிக்கணும்.) மே மாசம் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. எங்க ஜன்னல் உயரம் நாலரை அடி. நாலடி சன்ஷேட்டுக்கு நாலு மணிக்கு ரெண்டேகால் அடி நிழல், அஞ்சுக்கு ஓரடி. நாலு மணிக்கு ஜன்னல் முழுசா மறையணும்னா எட்டடி நீட்டணும், அஞ்சு மணிக்குன்னா பதினேழு அடி! பதினேழு அடிக்கு சன்ஷேட் யாராவது போடுவாங்களா? தெற்குச் சுவர்ல கதையே வேற, மார்கழி உச்சி வெயில்ல கூட நம்ம ஊர்ல ரெண்டடி சன்ஷேட் மூணடி நிழல் கொடுத்துரும். மேற்குல மழைச்சாரலுக்கும் மத்தியானம் ஒண்ணரை மணி வரைக்கும் உள்ள வெயிலுக்கும் ரெண்டடி போதும், அதுக்கு மேல நீட்டுற ஒவ்வொரு அடிக்கும் கம்பியும் கான்கிரீட்டும் ஏறுது, சதுரடி ரேட்டுல அவங்க பில்லும் ஏறுது.

அப்ப சாயங்கால வெயிலை நிறுத்த வேண்டியது லூவர்தான். அதுலதான் உண்மையான ஏமாத்து. கொட்டேஷன்ல ஆறு இஞ்ச் பட்டை, நாலு இஞ்ச் இடைவெளி, 45 டிகிரி சாய்வுன்னு தெளிவா எழுதி இருக்கு. டேப் வச்சு அளந்தா பட்டை நாலு இஞ்ச், இடைவெளி ஆறு, சாய்வே கிடையாது, சுவத்துக்கு நேர் குத்தா நிக்குது. பில் ஃபிரேமோட சதுரடிக்குப் போடுறாங்க, உள்ள எத்தனை பட்டை இருக்குன்னு யாரும் எண்ணுறதில்ல, பட்டை குறையக் குறைய அவங்களுக்கு லாபம். கேட்டதுக்கு "கேப் அதிகமா இருந்தாத்தான் மேடம் காத்து வரும், லுக்கும் மாடர்னா இருக்கும்"னாரு.

மே மாசம் சாயங்காலம் நம்ம ஊர்ல சூரியன் நேர் மேற்குல நிக்காது, ஒரு 16 டிகிரி வடக்கே தள்ளி இருக்கும். நாலு இஞ்ச் பட்டை நேரா நின்னா அந்த வெயிலுக்கு அது போடுற நிழல் ஒரு இஞ்ச் சொச்சம். ஆறு இஞ்ச் இடைவெளில ஒரு இஞ்ச் நிழல், மீதி அஞ்சு இஞ்ச் வெயில். எங்க தரையிலயே அதைப் பார்க்கலாம், நாலரை மணிக்கு டைல்ஸ் மேல அகலமா வெயில் பட்டை, நடுவுல விரல் கனத்துக்கு நிழல் கோடு. அன்னைக்கே ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து வச்சோம், பின்னாடி பேசும்போது அதுதான் உதவுச்சு.

சரி பண்ண வேற ஒரு அலுமினியம் ஃபேப்ரிகேட்டரைப் பிடிச்சோம். அதே நாலு இஞ்ச் பட்டையை வச்சுக்கிட்டு, இன்னும் அத்தனை பட்டை வாங்கிச் சேர்த்து, இடைவெளியை மூணு இஞ்ச் ஆக்கி, 45 டிகிரி திருப்பினோம். எந்தப் பக்கம் திருப்புறதுங்கறதுலதான் உயிரே இருக்கு. பட்டையோட வெளி விளிம்பு தெற்குப் பக்கம் போகணும், அப்பத்தான் வடமேற்குல இருந்து வர்ற கோடை வெயில் பட்டையோட அகலத்துல மோதி நிக்கும். மாத்தி வடக்கே திருப்பிட்டா மே மாச வெயில்ல மூணுல ஒரு பங்கு சந்துல நுழைஞ்சு உள்ள வந்துரும். தெற்கே திருப்பினதுக்கும் ஒரு விலை இருக்கு, மார்கழில சூரியன் தென்மேற்குக்குப் போயிரும், அப்ப வெயில் நல்லாவே உள்ள வரும், அந்தக் குளிருக்கு எங்களுக்கு அது பரவால்ல. ஜன்னல்ல இருந்து நேரா ரோடு தெரியறதும் போச்சு, இனி சாய்வா தெற்குப் பக்கம்தான் தெரியும்.

கிழக்கு ஜன்னலுக்கும் இதே கணக்குதான், நாலு மணிக்குப் பதிலா காலைல எட்டு மணின்னு வச்சுக்கோங்க. கோடைல வெயில் வடகிழக்குல இருந்து வரும், அங்கயும் வெளி விளிம்பு தெற்கேதான் போகணும். உங்க சுவர் நேர் மேற்கா இல்லாம கொஞ்சம் திரும்பி இருந்தா இந்த எண்ணெல்லாம் மாறும், மனையோட சரியான திசையை வச்சுப் போடச் சொல்லுங்க.

கொட்டேஷன்ல பட்டை அகலம், இடைவெளி, எத்தனை டிகிரி, வெளி விளிம்பு எந்தத் திசை, மொத்தம் எத்தனை பட்டைன்னு எழுதி வாங்குங்க. படம் காட்டினா உங்க ஊரை வச்சு, ஏப்ரல் 15, மே 15, சாயங்காலம் நாலும் அஞ்சும் வச்சு உங்க கண்ணு முன்னாடியே ஓட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா அந்த ஸ்டடி பண்ணவே இல்லைன்னு அர்த்தம். லூவர் முழுசா ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ஜன்னலுக்கு மட்டும் மாட்டிட்டு வெயில் இருக்குற ஒரு சாயங்காலம் பாருங்க, அதுக்கப்புறம் பேமெண்ட்.

இப்ப மாமியார் ரூம்ல நேர் வெயில் நின்னுருச்சு. ஆனா ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் உள்ள வெறும் சுவர் இன்னும் வெயில் வாங்குது, ராத்திரி பத்து மணிக்கும் தொட்டா சூடு தெரியுது, அதுக்கு வெளிய ஏதாவது மறைப்பு யோசிக்கணும். டிசைனர் கிச்சன் லூவரை கொட்டேஷன்படி மாத்தித் தர்ற வரைக்கும் கடைசி பாக்கியைக் கொடுக்கிறதா இல்ல, அளந்த போட்டோவும் கொட்டேஷனும் வச்சு ரெஜிஸ்டர் போஸ்ட் அனுப்பியாச்சு.