வலைக்கடையா, ஐஸ் ஆலையா?

திருகோணமலையில் இரண்டு கம்பனிகள் முப்பது நாள் கடனுக்குச் சரக்குக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். மார்ச் 31 ஐந்தொகையில் வலைக்கடையின் நடைமுறைச் சொத்து, அதாவது ஒரு வருடத்துக்குள் காசாகக்கூடியது, 60 இலட்சம்; ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய நடைமுறைப் பொறுப்பு 30. விகிதம் 2, பார்க்க அழகுதான். ஆனால் அந்த 60இல் 45 விற்காத வலை. அதைக் கழித்தால் விரைவு விகிதம் 0.5. ஐஸ் ஆலைக்கு நடைமுறைச் சொத்து 24, பொறுப்பு 20, விகிதம் வெறும் 1.2. சரக்கிருப்போ 2 இலட்சம்தான், கழித்தாலும் 1.1 நிற்கிறது.

கடைக்கு நீண்டகாலக் கடனே இல்லை. ஆலைக்கு 60 இலட்சம், உரிமையாளர் மூலதனம் 40. ஆலையின் வருமானக் கூற்றில் வரிக்கு முந்திய இலாபம் 8, மூலதனத்தில் 20 சதவீதம். கடைக்கு 10 சதவீதம்தான். ஆனால் ஆலை உழைத்த 16இல் வட்டியே 8 போகிறது. மாரி நீண்டு படகுகள் இறங்காமல் அந்த 16 பாதியானால் மிச்சம் பூச்சியம்.

சரி, முப்பது நாளுக்கு ஆலைக்கே கொடுப்பேன். ஐந்து வருடக் கடன் என்றால் கடைக்கு.