பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது, பஸ் இன்னும் வரவில்லை

நிறுத்தத்தில் பதினைந்து நிமிடமாக நிற்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் அண்ணன், "இவ்வளவு நேரம் ஆச்சுல்ல, இப்ப வந்துரும்" என்கிறார். அவர் சொல்வது சரியா என்பது, அது எந்த வகை பஸ் என்பதைப் பொறுத்தது.

முதல் வகை, சரியாக 20 நிமிடத்துக்கு ஒன்று வருவது. நேரம் பார்க்காமல் வந்து நின்றால் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்போம். 15 நிமிடம் கடந்துவிட்டால் மிச்சம் அதிகபட்சம் 5 நிமிடம்தான், சராசரி இரண்டரை. இங்கே அண்ணன் சொன்னது சரி.

இரண்டாவது வகையிலும் சராசரி 10 நிமிடம்தான். ஆனால் காத்திருப்பு நேரம் T அடுக்குக்குறிப் பரவலில் அமைகிறது. அதாவது, ஒவ்வொரு நொடியும் பஸ் வருவதற்கான வாய்ப்பு ஒரே அளவு, முன்பு எவ்வளவு நேரம் போனாலும். சராசரி 10 என்பதால், t நிமிடத்துக்கு மேல் நிற்கும் வாய்ப்பு e^(−t/10). 15 நிமிடம் நின்றவர் 20 நிமிடத்தையும் தாண்டி நிற்கும் வாய்ப்பைப் பார்ப்போம்:

P(T > 20 | T > 15) = e^(−2) / e^(−1.5) = e^(−0.5) ≈ 0.61

இப்போதுதான் வந்தவர் 5 நிமிடத்துக்கு மேல் நிற்கும் வாய்ப்பும் அதே 0.61. உங்கள் மிச்சக் காத்திருப்பும் சராசரி 10 நிமிடமே. இதைத்தான் நினைவற்ற பண்பு என்கிறார்கள். போன 15 நிமிடத்துக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது மனசுக்கு ஒப்பாது, ஆனாலும் கணக்கு அதுதான்.

உங்கள் நிறுத்தம் எந்த வகை? காத்திருந்த நேரங்களைச் சில வாரம் குறித்து வையுங்கள். 15 நிமிடம் தாண்டிய நாட்களை மட்டும் எடுத்து, அதற்குமேல் நின்ற நேரத்தின் சராசரியைப் பாருங்கள். அது மொத்தச் சராசரியை ஒட்டியே இருந்தால், இரண்டாவது வகைக்கு நெருக்கம். அதைவிடக் கூடினால், பஸ் ரத்தாகும் நாட்களும் கலந்திருக்கலாம். அப்போது ஆட்டோ பிடிப்பதே மேல்.